ஸ்லைடு லேப்டாப்பில், குறிப்புகள் புரொஜெக்டரில்: பவர்பாயிண்ட் ஏன் மாற்றிக் காட்டுகிறது?

அரங்கில் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. F5 அழுத்தியதும் பெரிய திரையில் வரவேண்டிய ஸ்லைடு லேப்டாப்பில் வருகிறது. பெரிய திரையிலோ இடது பக்கம் ஒரு ஸ்லைடு, வலது பக்கம் அடுத்த ஸ்லைடு, அதன் கீழே பேசுபவர் தனக்காக எழுதி வைத்த குறிப்புகள், மேலே ஓடும் கடிகாரம் என்று பிரசன்டர் வியூ முழுசாக விரிந்திருக்கிறது. “இந்த இடத்தில் பட்ஜெட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடு” என்று குறிப்பில் எழுதியிருந்தால் அதையும் அரங்கம் படித்துவிடும்.

இது கேபிளின் கோளாறோ புரொஜெக்டரின் கோளாறோ அல்ல. இரண்டு அமைப்புகள் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன. ஒன்று விண்டோஸில் இருக்கிறது, இன்னொன்று பவர்பாயிண்டில் இருக்கிறது. இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று தெரிந்தால் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். தெரியாவிட்டால் கேபிளைக் கழற்றி மாட்டுவது, கணினியை மூடித் திறப்பது என்றே நேரம் போகும். சில சமயம் அப்படிச் செய்து தற்செயலாகச் சரியாகியும் விடும். அடுத்த கூட்டத்தில் மறுபடி அதே கதை.

முதலில் மேடையில் நிற்பவருக்கான வழி. பிரசன்டர் வியூ எந்தத் திரையில் இருக்கிறதோ அந்தத் திரையின் மேல் ஓரத்தில் Display Settings என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் Swap Presenter View and Slide Show என்று வரும். அதைத் தேர்ந்தெடுத்தவுடன் இரண்டு திரைகளும் இடம் மாறிக்கொள்ளும். காட்சியை நிறுத்த வேண்டியதில்லை, எந்த ஸ்லைடில் இருந்தீர்களோ அதே ஸ்லைடில் தொடரலாம்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அந்தப் பட்டன் இப்போது இருப்பது புரொஜெக்டர் திரையில். அதனால் மவுஸை லேப்டாப் திரையின் ஓரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். எந்த ஓரம் என்பது விண்டோஸின் திரை வரைபடத்தில் புரொஜெக்டர் எந்தப் பக்கம் வரையப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் அது வலது பக்கம் இருக்கும், ஆகவே முதலில் வலது ஓரத்தைத் தாண்டிப் பாருங்கள். மவுஸ் அங்கே முட்டி நின்றால் இடது ஓரத்தில் முயலுங்கள். பெரிய திரையைப் பார்த்துக்கொண்டே மவுஸை நகர்த்த வேண்டும். லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. இரண்டு ஓரத்திலும் போகவில்லை என்றால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். Esc அழுத்திக் காட்சியை நிறுத்திவிட்டு, கீழே சொல்லியிருக்கும் முறையில் அமைப்பை மாற்றிக்கொள்ளலாம்.

அவசரத்தில் பலர் B எழுத்தை அழுத்துகிறார்கள். ஸ்லைடு காட்சியில் B அழுத்தினால் திரை கறுப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் கறுப்பாவது ஸ்லைடு இருக்கும் திரை மட்டுமே. பிரசன்டர் வியூ அப்படியே நிற்கும். அதாவது உங்கள் லேப்டாப் இருண்டுவிடும், குறிப்புகளோ அரங்கத்தின் முன்னால் இன்னும் பளிச்சென்று தெரிந்துகொண்டிருக்கும். உடனே மறைக்க வேண்டும் என்றால் புரொஜெக்டரின் ரிமோட்டில் உள்ள Blank அல்லது A/V Mute பட்டனை அழுத்தலாம். ரிமோட் கையில் இல்லையென்றால் விண்டோஸ் சாவியுடன் P அழுத்தி PC screen only என்பதைத் தேர்ந்தெடுங்கள். புரொஜெக்டருக்குப் படம் போவது அங்கேயே நின்றுவிடும். பிறகு Esc அழுத்தி வெளியே வந்து நிதானமாகச் சரிசெய்யலாம்.

சரிசெய்யத் தொடங்கும் முன், இரண்டு திரையிலும் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். லேப்டாப்பில் ஸ்லைடு, புரொஜெக்டரில் குறிப்புகள் என்றால் திரைகள் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். இரண்டிலுமே குறிப்புகள் தெரிந்தால் அது வேறு கோளாறு. கணினி இரண்டு திரைகளிலும் ஒரே படத்தைக் காட்டும் Duplicate நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் பவர்பாயிண்டுக்கு இரண்டு திரைகள் இருப்பதே தெரியாது, ஒன்று இருப்பதாகத்தான் நினைக்கும். சாதாரணமாக F5 அழுத்தினால் அப்போது பிரசன்டர் வியூ வரவே வராது. ஆனால் Alt+F5 அழுத்தினால் ஒரே திரை இருந்தாலும் பிரசன்டர் வியூ வந்துவிடும். வீட்டில் ஒத்திகை பார்ப்பதற்கு வசதியான குறுக்குவழி அது. அந்தப் பழக்கத்தில் அரங்கிலும் Alt+F5 அழுத்துபவர்களுக்குத்தான் இது நடக்கிறது. ஸ்லைடின் மேல் வலது கிளிக் செய்து Show Presenter View கொடுத்தாலும் இதே விளைவுதான். இங்கே இடம் மாற்றுவதற்கு இரண்டாவது திரை என்று ஒன்றே இல்லாததால் Swap உதவாது. Esc அழுத்தி, விண்டோஸ் சாவியுடன் P, அதில் இரண்டு திரைகளையும் தனித்தனியாக இயக்கும் Extend, பிறகு F5. அவ்வளவுதான்.

இனி முதல் வகையை மட்டும் பார்ப்போம். அதுதான் திரும்பத் திரும்ப வருவது.

விண்டோஸில் இரண்டு திரைகள் Extend நிலையில் இருக்கும்போது அதில் ஒன்று முதன்மைத் திரை. டெஸ்க்டாப்பில் உள்ள ஐகான்கள், யாரும் இழுத்து மாற்றாதவரை, அந்தத் திரையில்தான் இருக்கும். ஆகவே எது முதன்மை என்று தெரிந்துகொள்ள எந்த அமைப்பையும் திறக்க வேண்டாம், எல்லா ஜன்னல்களையும் சுருக்கிவிட்டு ஐகான்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் போதும். வெறும் வால்பேப்பர் மட்டும் தெரிவது இரண்டாவது திரை. Display settings பக்கத்தில் Identify அழுத்தினால் திரைகளில் 1, 2 என்று எண்கள் தோன்றும். 1 என்று வந்தால் அதுதான் முதன்மை என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. அந்த எண்ணுக்கும் முதன்மைக்கும் சம்பந்தமில்லை, 2 என்ற எண்ணுள்ள திரையும் முதன்மையாக இருக்கலாம். அதே பக்கத்தில் பெட்டிகளை இழுத்து இடம் மாற்றினாலும் முதன்மை மாறாது. மவுஸ் எந்த ஓரத்தைத் தாண்டும் என்பது மட்டுமே மாறும்.

பவர்பாயிண்டில் Slide Show தாவலில் Monitors என்ற பகுதியில் Monitor என்று ஒரு கீழிறங்கு பட்டியல் இருக்கிறது. அதன் கீழே Use Presenter View என்ற சிறிய பெட்டி. இந்தப் பட்டியலைத்தான் மிக அதிகம் பேர் தவறாகப் படிக்கிறார்கள். “நான் எந்தத் திரையில் வேலை செய்கிறேன்?” என்று அது கேட்பதாக நினைத்து லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது கேட்பது “பார்வையாளர்களுக்கான ஸ்லைடு எந்தத் திரையில் போகவேண்டும்?” என்று. குறிப்புகள் மீதமுள்ள திரைக்குப் போகும். ஆக, அங்கே லேப்டாப்பைக் கொடுத்தால் பவர்பாயிண்ட் நீங்கள் சொன்னபடியே செய்கிறது: ஸ்லைடு லேப்டாப்பில், குறிப்புகள் புரொஜெக்டரில்.

அந்தப் பட்டியலில் Automatic என்று இருந்தால், முதன்மை அல்லாத திரையில் ஸ்லைடையும் முதன்மைத் திரையில் பிரசன்டர் வியூவையும் பவர்பாயிண்ட் வழக்கமாக வைக்கும். Primary Monitor என்று இருந்தால் முதன்மைத் திரையில் ஸ்லைடு வரும். இப்போது இரண்டு அமைப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். லேப்டாப் முதன்மை, பட்டியலில் Automatic: சரியாக வரும். லேப்டாப் முதன்மை, பட்டியலில் Primary Monitor: மாறி வரும். புரொஜெக்டர் முதன்மை, பட்டியலில் Automatic: இதுவும் மாறி வரும். புரொஜெக்டர் முதன்மை, பட்டியலில் Primary Monitor: ஆச்சரியமாக, சரியாக வரும்.

கடைசி நிலைதான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டி, வெளியே பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும். அது எப்படி வளர்ந்து ஒருநாள் உடைகிறது என்பதை ஒரு வழக்கமான போக்கில் பார்க்கலாம்.

ஒரு லேப்டாப்பில் பட்டியல் Primary Monitor என்று இருக்கிறது. எப்போதோ ஒரு நாள், அருகில் ஒரு கூடுதல் மானிட்டர் மாட்டியிருந்தபோது ஸ்லைடு அந்த மானிட்டரில் போய் விழுந்ததால், லேப்டாப்பிலேயே பார்க்க வேண்டும் என்று அப்படி மாற்றியிருப்பார்கள். அதற்கப்புறம் ஒரே திரையில் வேலை செய்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு அரங்கில் HDMI மாட்டியதும் குறிப்புகள் புரொஜெக்டரில் வருகின்றன. உதவிக்கு வந்தவர் விண்டோஸின் Display settings போய், புரொஜெக்டர் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, Make this my main display என்பதில் டிக் போடுகிறார். F5 அழுத்தினால் எல்லாம் சரி. நிகழ்ச்சி நன்றாக முடிகிறது.

ஆனால் புரொஜெக்டர் இப்போது முதன்மைத் திரை. அதன் விளைவுகள் உடனே தெரியும், யாரும் அதை இதோடு சேர்த்து யோசிப்பதில்லை. ஐகான்கள் எல்லாம் புரொஜெக்டருக்குப் போய்விட்டன. ஒரு கோப்பை இருமுறை கிளிக் செய்தால் பெரிய திரையில் திறக்கலாம். மெயில் வந்தால் அறிவிப்பும் அரங்கத்தின் முன்னால்தான். அதோடு விண்டோஸ் இந்தத் திரைச் சேர்க்கையை நினைவில் வைத்துக்கொள்கிறது. அதே புரொஜெக்டரை அடுத்த மாதம் மாட்டினாலும் அதுவே முதன்மையாக வந்து உட்காரும்.

அடுத்த முறை வேறு ஒருவர் உதவ வருகிறார். அவருக்குப் பவர்பாயிண்ட் நன்றாகத் தெரியும். பட்டியலைப் பார்த்து, “இது Automatic-இல் இருக்கணுமே” என்று சரியாகவே மாற்றுகிறார். இதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது மாறிவிடுகிறது. சரியான வேலையைச் செய்தவர்மேல் பழி விழுகிறது. உண்மையில் அவர் பாதி வழி சரிசெய்திருக்கிறார், விண்டோஸ் பக்கம் இன்னும் பாக்கி.

எனவே சரிசெய்வதானால் இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்ய வேண்டும். புரொஜெக்டரை மாட்டி, அது உயிரோடு இருக்கும்போதே தொடங்குங்கள். விண்டோஸ் சாவியுடன் P அழுத்தி Extend கொடுங்கள். டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து Display settings திறந்து, Identify அழுத்தி லேப்டாப்புக்கு எந்த எண் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள படத்தில் அந்த எண்ணுள்ள பெட்டியைக் கிளிக் செய்து, கீழே Multiple displays பகுதிக்கு இறங்கி Make this my main display என்பதில் டிக் போடுங்கள். அந்த டிக் பெட்டி மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் அந்தத் திரை ஏற்கெனவே முதன்மைதான் என்று பொருள், பிழை அல்ல. அடுத்து பவர்பாயிண்டில் Slide Show தாவலில் Monitor பட்டியலை Automatic ஆக்கி, Use Presenter View டிக் இருக்கிறதா என்று பாருங்கள். F5. இப்போது லேப்டாப்பில் குறிப்புகள், புரொஜெக்டரில் ஸ்லைடு.

அந்தப் பட்டியலில் புரொஜெக்டரின் பெயரையே தேர்ந்தெடுத்துவிடலாமே என்று கேட்கலாம். ஒரே அறையில், ஒரே கணினியை எப்போதும் ஒரே புரொஜெக்டரோடு பயன்படுத்துபவர்களுக்கு அது நல்ல வழி, முதன்மை எதுவாக இருந்தாலும் ஸ்லைடு அங்கேயே போகும். மூன்று திரைகள் உள்ள இடத்தில் இதைத் தவிர வேறு நம்பகமான வழியும் இல்லை, ஏனென்றால் Automatic எந்தத் திரையைத் தேர்ந்தெடுக்கும் என்பது உங்கள் விருப்பத்தில் இல்லை. ஆனால் அறை அறையாகப் போய்ப் பேசுபவருக்கு Automatic-தான் பாதுகாப்பு. ஒரு குறிப்பிட்ட திரையைக் கொடுத்துவிட்டு வேறு அரங்குக்குப் போனால் மறுபடி பட்டியலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

சில லேப்டாப்களில் யாரும் எதையும் தொடாமலேயே புரொஜெக்டர் முதன்மையாகிவிடுகிறது என்று சொல்வார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் மேசையில் நடந்த வேறு ஏதோ ஒன்று. லேப்டாப்பின் மூடியை மூடிவைத்து வெளி மானிட்டரில் மட்டும் வேலை செய்பவர்களுக்கு அந்த மானிட்டர்தான் முதன்மை. சாதாரணமாக விண்டோஸ் ஒவ்வொரு திரையும் அனுப்பும் அடையாளத் தகவலை வைத்து அதன் அமைப்பைத் தனியாக நினைவில் வைக்கும், ஆகவே மேசை மானிட்டருக்குச் செய்தது புரொஜெக்டரைப் பாதிக்காது. ஆனால் நடுவில் டாக், ஸ்ப்ளிட்டர், ஸ்விட்ச்சர் என்று ஒரு பெட்டி இருந்தால் அது திரையின் அடையாளத்துக்குப் பதில் தன்னுடைய அடையாளத்தை அனுப்பக்கூடும். அப்போது வேறு வேறு திரைகளும் விண்டோஸுக்கு ஒன்றுபோலத் தோன்றும், பழைய அமைப்பு புதிய அறையில் வந்து ஒட்டிக்கொள்ளும். பெரிய அரங்குகளில் மேசையில் இருக்கும் HDMI முனையிலிருந்து புரொஜெக்டர் வரை இப்படி ஒரு பெட்டியாவது பெரும்பாலும் நடுவில் இருக்கும்.

இன்னொன்று, பேச்சின் நடுவே நடக்கும் மாற்றம். தொடக்கத்தில் சரியாக இருந்தது, பாதியில் மாறிவிட்டது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிக்னல் துண்டிப்பு. கேபிள் லேசாக அசைந்தாலோ, யாராவது புரொஜெக்டரின் உள்ளீட்டை வேறு கணினிக்கு மாற்றித் திரும்பக் கொண்டுவந்தாலோ, விண்டோஸுக்கு இரண்டாவது திரை காணாமல் போய் மறுபடி வந்ததாகத் தெரியும். அந்த இடைவெளியில் எல்லா ஜன்னல்களும் லேப்டாப்புக்கு ஓடிவந்துவிடும். சிக்னல் திரும்பும்போது ஓடிக்கொண்டிருந்த காட்சி பழைய இடத்துக்கே போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இப்போது அமைப்புகளைத் தோண்டாதீர்கள். Esc அழுத்தி வெளியே வந்து, இரண்டு திரையும் Extend நிலையில் நிலைபெற்றதும் Shift+F5 அழுத்துங்கள். F5 முதல் ஸ்லைடுக்குக் கொண்டுபோகும், Shift+F5 நிற்கும் ஸ்லைடிலிருந்தே தொடங்கும். மேடையில் இந்த ஒரு வித்தியாசம் பெரிய உதவி. இதே காரணத்துக்காக, காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளை மாட்டுவதையும் Extend, Duplicate மாற்றுவதையும் தவிர்க்க வேண்டும். முதலில் திரை, பிறகு காட்சி.

Use Presenter View டிக்கை எடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதும் அடிக்கடி கேட்கும் யோசனை. பாதிதான் சரி. குறிப்புகள் மறைந்துவிடும். ஆனால் ஸ்லைடு தவறான திரைக்குப் போவது அப்படியே இருக்கும். அரங்கத்துக்கு இப்போது குறிப்புகளுக்குப் பதில் வெறும் டெஸ்க்டாப் தெரியும். டிக்கை எடுப்பதோடு விண்டோஸ் சாவி, P, Duplicate என்பதையும் சேர்த்துச் செய்தால்தான் பலன் உண்டு: இரண்டு திரையிலும் ஸ்லைடு மட்டும் வரும், குறிப்புகள் எங்கும் வராது. நேரமே இல்லாதபோது இது நல்ல கடைசி வழி. குறிப்புகளைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்திருப்பவர்கள் இதைத் தயங்காமல் செய்யலாம்.

மேக் கணினியில் பவர்பாயிண்ட் என்றால் பிரசன்டர் வியூவின் மேல் பகுதியிலேயே Swap Displays என்ற பட்டன் நேராக இருக்கும். கீநோட்டில் காட்சி ஓடும்போது X எழுத்தை அழுத்தினால் திரைகள் இடம் மாறும், மவுஸைத் தேடும் வேலையே இல்லை. லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸில் Slide Show மெனுவில் உள்ள Slide Show Settings பக்கத்தில் ஸ்லைடு போகவேண்டிய திரையைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் பார்வையாளர் திரையைத்தான் கேட்கிறது.

இணையக் கூட்டத்தில் பகிரும்போதும் இதே மாதிரி குறிப்புகள் வெளியே தெரிவதுண்டு. ஆனால் அங்கே பவர்பாயிண்ட் சரியாகவே வைத்திருக்கலாம், பகிர்வதற்கு நீங்கள் தேர்ந்தெடுத்த திரை தவறாக இருக்கலாம். அப்படியென்றால் Swap செய்யாதீர்கள். அறையிலும் ஆட்கள் இருந்து புரொஜெக்டரும் ஓடிக்கொண்டிருந்தால், Swap செய்தவுடன் இணையத்தில் இருப்பவர்களுக்குச் சரியாகும், எதிரில் இருப்பவர்களுக்குக் குறிப்புகள் போய்விடும். பகிர்வை நிறுத்தி, ஸ்லைடு இருக்கும் திரையைத் தேர்ந்தெடுத்து மறுபடி பகிருங்கள்.

அரங்கில் ஆள் வருவதற்கு முன் ஒருமுறை F5 அழுத்திப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அதை எந்தக் கேபிளில், எந்த உள்ளீட்டில் பேசப்போகிறீர்களோ அதிலேயே செய்யுங்கள். சோதனையை ஒரு முனையில் செய்துவிட்டு, பேசும்போது மேடையின் மறுபக்கம் உள்ள இன்னொரு முனையில் மாட்டினால் விண்டோஸுக்கு அது வேறு இணைப்பாகத் தெரியலாம், செய்த சோதனைக்கு மதிப்பில்லாமல் போகும். குறிப்புகள் உள்ள ஸ்லைடில் நின்றுகொண்டு Shift+F5 அழுத்திச் சோதிக்க வேண்டாம். குறிப்பே எழுதாத தலைப்பு ஸ்லைடை முதலில் வைத்து F5 அழுத்தினால், மாறி வந்தாலும் பெரிய திரையில் தெரிவது தலைப்பும் கடிகாரமும் அடுத்த ஸ்லைடின் சிறு படமும் மட்டும்தான்.